கோதுமைக் கதிர் படமும் பின்பக்கச் சின்ன எழுத்தும்

எங்கள் குழுவில் ஒருவருடைய அம்மாவுக்கு ஆறு வருசமாகச் சீனி வியாதி. கிளினிக்குக்குப் போகிற ஒவ்வொரு முறையும் "நார்ச்சத்துள்ள சாப்பாடாப் பாத்துச் சாப்பிடுங்கோ அம்மா" என்று சொல்லி அனுப்புவினம். அம்மாவும் சொன்னபடி கேட்கிற ஆள். வெள்ளைப் பாணைக் குறைத்தார், கிரீம் பிஸ்கற்றை அடியோடு விட்டார். அதற்குப் பதிலாக சுப்பர் மார்க்கற்றில் ஒரு மண்ணிறப் பைக்கற்றைக் கண்டுபிடித்தார். முன்பக்கத்தில் பொன்னிறக் கோதுமைக் கதிர். கதிருக்கு மேலே "மல்ரிகிரெயின்", கீழே "முழுத்தானிய நன்மையுடன்", மூலையில் ஒரு பச்சை இலைக்குள் "நார்ச்சத்துக் கொண்டது". விலை சாதாரண பிஸ்கற்றைப்போல இரண்டு மடங்கு. காலையில் இரண்டு, பின்னேரத் தேத்தண்ணியோடு இரண்டு என்று மருந்து மாதிரி எண்ணிச் சாப்பிட்டு வந்தார்.

"ஏனம்மா இவ்வளவு காசு குடுத்து உதை வாங்கிறீங்கள்?" என்று பிள்ளை கேட்டதற்கு அம்மா சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. "உது சீனி வருத்தக்காரருக்கெண்டு செய்யிறதுதானே பிள்ளை. பார், கதிர் படம் போட்டிருக்கு."

அந்தப் பைக்கற்றையும், கடையில் அதற்குப் பக்கத்தில் இருந்த இன்னும் மூன்று பைக்கற்றுகளையும் வாங்கிவந்து ஒரு பின்னேரம் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு நாங்கள் ஆறு பேர் வாசித்தோம். வாசித்து முடிய எங்களுக்கு வந்த முடிவு இதுதான்: பைக்கற்றின் முன்பக்கத்தில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் அம்மா விளங்கிக்கொண்டதில் ஒன்றும் உண்மையும் இல்லை. அந்த இடைவெளியில்தான் அந்த இரண்டு மடங்கு விலை இருக்கிறது.

முதலில் முழுத்தானியம் என்றால் என்ன என்று தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு கோதுமை மணியில் மூன்று பகுதி இருக்கிறது. வெளியே தவிடு, ஒரு ஓரத்தில் முளை, உள்ளே மாவாகிற வெள்ளைப் பகுதி. நார்ச்சத்தில் பெரும்பகுதி தவிட்டில்தான். மில்லில் தவிட்டையும் முளையையும் நீக்கி உள்ளே இருக்கிற வெள்ளைப் பகுதியை மட்டும் அரைத்தால், நாங்கள் பாணுக்கும் றொட்டிக்கும் பாவிக்கிற வெள்ளைக் கோதுமை மா கிடைக்கும். அதில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 3 கிராம் நார்ச்சத்துத்தான் மிஞ்சும். மணியை முழுதாக அரைத்தால் அதே 100 கிராமில் 10 தொடக்கம் 12 கிராம் வரை இருக்கும். முழுத்தானியம் என்ற சொல்லுக்கு மதிப்பு வந்தது இந்த நாலு மடங்கு வித்தியாசத்தால்தான்.

சரி, இனிப் பைக்கற்றைத் திருப்புவோம்.

பின்பக்கத்தில் வாசிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று சேர்மானப் பட்டியல், மற்றது போசணை அட்டவணை. எல்லோரும் அட்டவணைக்குத்தான் முதலில் போவார்கள். நாங்கள் சொல்லுவது, முதலில் பட்டியலை வாசியுங்கள். ஏனென்றால் அது நிறையின்படி, கூடியதிலிருந்து குறைந்ததற்கு என்ற ஒழுங்கில் எழுதப்படவேண்டும். முதலாவதாக எது இருக்கிறதோ அந்த உணவு அதிகம் அதனால்தான் ஆனது.

அம்மாவின் பைக்கற்றில் இருந்த ஒழுங்கு இது: வீற் ஃபுளவர், சீனி, மரக்கறிக் கொழுப்பு, ஹோல் வீற் ஃபுளவர் 8 வீதம், ஓட்ஸ் 3 வீதம், கோதுமைத் தவிடு 2 வீதம், பிறகு சீனிப்பாகு, உப்பு, உப்புக்குப் பிறகு குரக்கன் மா, சோள மா, அதற்குப் பின்னால் பொங்கவைக்கும் பொருட்களின் இலக்கங்கள்.

இதில் முதற் பொறி முதற் சொல்லிலேயே இருக்கிறது. "வீற் ஃபுளவர்" என்பதைப் பார்த்ததும் எங்களில் இரண்டு பேர், "கோதுமைதானே, நல்லதுதானே" என்றார்கள். கோதுமைதான், அதில் பிழை இல்லை. வெள்ளைப் பாணும் கோதுமைதான். "ஹோல்" என்ற சொல் முன்னால் இல்லாத கோதுமை மா எல்லாம் தவிடு நீக்கிய வெள்ளை மா என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். "என்றிச்ட்", "ஃபோட்டிஃபைட்" என்று முன்னால் போட்டிருந்தாலும் அப்படித்தான். விற்றமினோ இரும்போ திரும்பச் சேர்த்திருக்கிறார்கள் என்பதே அதன் அர்த்தம். தவிட்டைத் திரும்பச் சேர்த்ததாக அர்த்தமில்லை.

இரண்டாவது பொறி "மல்ரிகிரெயின்" என்ற சொல். பல தானியம் என்பதுதான் அதன் பொருள். எத்தனை வகைத் தானியம் என்பதை அது சொல்லுகிறது, அவை முழுதா தீட்டியதா என்பதைச் சொல்லுவதில்லை. இந்தப் பைக்கற்றில் கோதுமை, ஓட்ஸ், குரக்கன், சோளம் என்று நாலு தானியம் இருந்தது உண்மை. ஆனால் எவ்வளவு? இதற்கு ஒரு சுகமான வழி இருக்கிறது. பட்டியலில் உப்பு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பிஸ்கற்றிலும் பாணிலும் உப்பு ஒன்று, ஒன்றரை வீதமளவில்தான் போடுவார்கள், அதற்குமேல் போட்டால் வாயில் வைக்க ஏலாது. அப்படியென்றால் உப்புக்குப் பின்னால் வருகிற எல்லாமே அதிலும் குறைவு. குரக்கன் உப்புக்குப் பின்னால் நின்றது. நூறு கிராம் பிஸ்கற்றில் ஒரு தேக்கரண்டி அளவு குரக்கன் மாகூட இல்லை. ஆனால் முன்பக்கத்தில் குரக்கனுக்கும் ஒரு படம் இருக்கிறது.

இனி அட்டவணை. இதில் "டயட்டறி ஃபைபர்" அல்லது "நார்ச்சத்து" என்ற வரியைத் தேடுங்கள். பல பைக்கற்றுகளில் அந்த வரியே இருக்காது. சக்தி, புரதம், காபோவைதரேற்று, கொழுப்பு என்பதோடு முடிந்துவிடும். நாங்கள் வாங்கின நாலில் ஒன்று அப்படித்தான் இருந்தது, முன்பக்கத்தில் தானியக் கதிர் இருந்தும். நார்ச்சத்தைப் பற்றிப் பெருமைப்பட ஒன்று இருந்தால் அந்த இலக்கத்தை ஏன் போடாமல் விடுகிறார்கள் என்று யோசித்தால் போதும்.

வரி இருந்தால், 100 கிராமுக்கான நிரலைப் பாருங்கள். ஒரு பரிமாறல் அளவுக்கான நிரல் கம்பனிக்குக் கம்பனி மாறும். ஒருவர் இரண்டு பிஸ்கற் என்பார், இன்னொருவர் நாலு என்பார். ஒப்பிட 100 கிராம் நிரல்தான் உதவும்.

அம்மாவின் பைக்கற்றில் 100 கிராமுக்கு நார்ச்சத்து 3.4 கிராம். இந்த இலக்கம் எங்கேயிருந்து வருகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். பாதியளவு வெள்ளை மா இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் அதிலிருந்து ஒன்றரைக் கிராம் வரும். 8 வீத முழுக்கோதுமை மாவிலிருந்து ஒரு கிராமுக்குக் கொஞ்சம் குறைய. ஓட்ஸிலிருந்து 0.3. தவிட்டில் 100 கிராமுக்கு 40 கிராமுக்கு மேல் நார்ச்சத்து இருப்பதால், வெறும் 2 வீதம் தவிடு 0.8 கிராமைக் கொடுத்துவிடுகிறது. கூட்டினால் அட்டவணையில் உள்ள இலக்கத்துக்குக் கிட்ட வருகிறது. ஆக அட்டவணை பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு பிடி தவிட்டைப் போட்டிராவிட்டால் இலக்கம் 3 ஐத் தாண்டியிராது.

3 ஏன் முக்கியம்? உணவுகளுக்கான சர்வதேச நியமங்களை வகுக்கிற கோடெக்ஸ் அமைப்பின் வழிகாட்டலில், திண்ம உணவொன்றில் 100 கிராமுக்கு 3 கிராம் இருந்தால் "நார்ச்சத்தின் மூலம்" என்றும், 6 கிராம் இருந்தால் "நார்ச்சத்து அதிகம்" என்றும் சொல்லலாம் என்று இருக்கிறது. பல நாட்டு விதிகள் இதைப் பின்பற்றுகின்றன. "கொண்டது" என்ற சொல்லும் "அதிகம்" என்ற சொல்லும் ஒன்றல்ல என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பச்சை இலைக்குள் "கொண்டது" என்று எழுதியிருந்தால், அது கீழ்க்கோட்டை மட்டும் தாண்டிய பண்டம்.

அந்தக் கீழ்க்கோடு எவ்வளவு கீழே இருக்கிறது என்பதை அம்மாவுக்கு விளங்கப்படுத்தத்தான் எங்களுக்குச் சரியான வழி தேவைப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 2023 இல் வெளியிட்ட வழிகாட்டலில் வளர்ந்தவர்களுக்கு நாளுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது. அம்மா ஒரு நேரத்தில் சாப்பிடுகிற இரண்டு பிஸ்கற்றும் சேர்ந்து 15 கிராம். அதில் நார்ச்சத்து அரைக் கிராம். அந்த 25 கிராமையும் இந்தப் பிஸ்கற்றில் எடுப்பதென்றால் நூறு பிஸ்கற் சாப்பிட வேண்டும். அந்த நூறு பிஸ்கற்றோடு, நூற்றுக்கு 20 கிராம் என்ற கணக்கில், 150 கிராம் அளவு சீனியும் உள்ளே போகும். நார்ச்சத்து வேண்டுமென்று சீனி வியாதிக்காரர் வாங்கின பிஸ்கற் இது.

இதைச் சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப பருப்பில எவ்வளவு இருக்கு?" என்று கேட்டார். மைசூர்ப் பருப்பில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 10 கிராம். ஒருவருடைய பங்குக்கு ஒரு கை, 30 கிராம் பருப்பைக் கறியாக்கினால் 3 கிராம் வந்துவிடும். பன்னிரண்டு பிஸ்கற்றுக்குச் சமம்.

அட்டவணையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. காபோவைதரேற்று இலக்கத்தை நார்ச்சத்து இலக்கத்தால் பிரித்துப் பாருங்கள். முழுக்கோதுமையில் இது பத்துக்குக் கீழே வரும். விடை பத்தோ அதற்குக் குறைவோ என்றால் அந்தப் பண்டத்தில் முழுத்தானியம் பெயருக்கு மட்டும் இல்லை என்று எடுக்கலாம். அம்மாவின் பிஸ்கற்றில் 70 ஐ 3.4 ஆல் பிரித்தால் 20 வருகிறது. வெள்ளை மாவில் 28 அளவில் வரும். ஆக, இந்தப் பிஸ்கற் முழுக்கோதுமையை விட வெள்ளை மாவுக்குத்தான் கிட்டச் சொந்தம். மேசையிலிருந்த ஓட்ஸ் பைக்கற்றில் இதே கணக்கு ஏழுக்குக் குறைவாக வந்தது. அதன் சேர்மானப் பட்டியலில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது.

இந்தக் கணக்கு நாங்கள் கண்டுபிடித்ததல்ல. 2013 இல் ஹாவர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்கக் கடைகளிலிருந்த 545 தானிய உணவுகளை எடுத்து, முழுத்தானியத்தை அடையாளங்காணப் பாவிக்கிற ஐந்து வழிகளை ஒப்பிட்டார்கள். பைக்கற்றில் முழுத்தானிய முத்திரை இருந்த பண்டங்களில் நார்ச்சத்துக் கூடத்தான் இருந்தது, ஆனால் முத்திரை இல்லாதவற்றைவிடச் சீனியும் கலோரியும் கூட இருந்தன. பத்துக்கு ஒன்று என்ற இந்த எளிய பிரித்தல்தான் நல்லதைச் சரியாகப் பிரித்துக் காட்டியது.

ஆனாலும் இதைக் கண்ணை மூடிக்கொண்டு பாவிக்க ஏலாது. முதலாவது, பிரித்தானியா, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளின் லேபல்களில் காபோவைதரேற்று இலக்கத்துக்குள் நார்ச்சத்தைச் சேர்ப்பதில்லை. அமெரிக்க லேபலில் சேர்ப்பார்கள். எங்கட கடைகளில் எல்லா நாட்டுப் பைக்கற்றும் ஒரே தட்டில் இருக்கிறது. விடை பத்தை ஒட்டி வந்தால் அதனால் கொஞ்சம் மாறலாம், 20 வந்தால் எந்த நாட்டு முறையிலும் 20 அளவுதான். இரண்டாவது, இது கோதுமையை வைத்துச் செய்த அளவுகோல். தீட்டாத அரிசி முழுத்தானியம்தான், ஆனால் அரிசிக்கு இயற்கையிலேயே நார்ச்சத்துக் குறைவு. அதில் 100 கிராமுக்கு 3 தொடக்கம் 4 கிராம்தான் இருக்கும். கணக்குப் போட்டால் 20 க்கு மேல் வரும். அதற்காக அதை வெள்ளை மாவோடு சேர்த்து ஒதுக்கக் கூடாது. அதேவேளை, "சிவப்பரிசி நூடில்ஸ்" என்று எழுதியிருந்தால் நார்ச்சத்துக்காக வாங்குகிறோம் என்று நினைத்து இரட்டிப்புக் காசு கொடுக்கவும் கூடாது.

மூன்றாவது, இந்தக் கணக்கை ஏமாற்றலாம். வெள்ளை மாவோடு இனுலின் என்கிற, சிக்கரி வேரிலிருந்து எடுக்கிற தூளையோ, ஐ.என்.எஸ் 1200 என்ற இலக்கத்தோடு வருகிற பொலிடெக்ஸ்ட்ரோஸையோ சேர்த்தால் நார்ச்சத்து வரி உயர்ந்துவிடும். இவை நஞ்சல்ல. ஆனால் தவிடும் முளையும் கொண்டுவருகிற மற்றச் சத்துகளை இவை கொண்டுவருவதில்லை, இனுலின் கூடினால் சிலருக்கு வயிறு ஊதும். அதனால்தான் பட்டியலை முதலில் வாசிக்கச் சொன்னோம். அட்டவணையில் இலக்கம் உயர்ந்திருந்து, பட்டியலின் தலையில் முழுத்தானியம் இல்லையென்றால், அந்த நார்ச்சத்து எங்கிருந்து வந்தது என்று தேடவேண்டும்.

மேசையிலிருந்த நாலாவது பைக்கற், வெட்டின மண்ணிறப் பாண். நிறத்தைப் பார்த்தே அம்மா அதற்கு நல்ல மார்க் போட்டுவிட்டார். பட்டியலில் முதலாவது வீற் ஃபுளவர், பின்னால் ஐ.என்.எஸ் 150. அது கரமல் நிறம், கருகின சீனியிலிருந்து எடுக்கிற நிறமூட்டி. உண்மையான முழுக்கோதுமைப் பாணில் 100 கிராமுக்கு 6, 7 கிராம் நார்ச்சத்து இருக்கும். இதில் 2.9. வெள்ளைப் பாணுக்கு மண்ணிறச் சட்டை போட்டதுதான். ஆட்டா மா வாங்கும்போதும் இதே பாடம் உதவும். பெயர் ஆட்டாவாக இருந்தாலும் 100 கிராமுக்கு 5, 6 கிராம்தான் நார்ச்சத்து என்று போட்டிருந்தால், தவிட்டில் ஒரு பங்கைச் சலித்து எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இதெல்லாம் லேபல் உள்ள பண்டத்துக்கு. ஒழுங்கைக்குள் பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிற சூன் பாண் ஓட்டோவில் லேபல் ஏது? அங்கே ஒரு வழிதான் உண்டு. "அண்ணை, குரக்கன் பாணுக்கு எத்தனை கிலோ மாவுக்கு எத்தனை கிலோ குரக்கன் போடுறீங்கள்?" என்று பேக்கரியில் கேட்பது. நாங்கள் கேட்டோம். பேக்கரி அண்ணை சிரித்துவிட்டுச் சொன்னார், "தம்பி, குரக்கன் கூடினா பாண் எழும்பாது. பத்துக்கு ஒண்டுதான்." கம்பனிகளின் முன்பக்கத்தை விட அந்தப் பதில் நேர்மையானது.

இப்போது எங்களுடைய வாதத்துக்கு வருகிறோம். இவ்வளவையும் எழுதினபிறகு, "சனம் லேபல் வாசிக்கப் பழகவேணும்" என்று முடித்துவிட்டுப் போகலாம். நாங்கள் அப்படி முடிக்க விரும்பவில்லை. ஆறு பேர், அதில் இரண்டு பேர் விஞ்ஞானம் படித்தவர்கள், கைபேசியில் கல்குலேற்றரோடு ஒரு பின்னேரம் இருந்துதான் ஒரு பிஸ்கற்றை விளங்கிக்கொண்டோம். அம்மாவுக்குக் கண்ணாடி இல்லாமல் அந்த எழுத்துத் தெரியாது. கண்ணாடி போட்டாலும் அது ஆங்கிலத்தில் இருக்கிறது. முன்பக்கத்தில் நூல் நீளக் கதிரும், பின்பக்கத்தில் எறும்பளவு எழுத்தும் வைத்துவிட்டு, "எல்லாம் பின்னால எழுதியிருக்குத்தானே" என்று சொல்லுவது நியாயமா?

இதே கேள்வி அமெரிக்காவில் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. கெலொக் கம்பனியின் சீஸ்-இற் பிஸ்கற் பெட்டியில் "முழுத்தானியம்" என்று பெரிய எழுத்தில் இருந்தது. உள்ளே பிரதானமாக இருந்தது வெள்ளை மா. ஒரு பரிமாறலில் எத்தனை கிராம் முழுத்தானியம் என்பதையும் பெட்டியில் எழுதித்தான் இருந்தார்கள். ஆனாலும் கீழ் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்ததை 2018 டிசம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் ரத்துச் செய்தது. முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் உண்டாக்கின பிழையான எண்ணத்தை, பக்கவாட்டில் இருக்கிற சின்ன எழுத்தை வாசித்து நுகர்வோர்தான் திருத்திக்கொள்ள வேண்டுமென்று எதிர்பார்க்க முடியாது என்பது அந்தத் தீர்மானத்தின் சாரம். எங்களுக்கு இதைவிட நல்ல வாதம் தேவையில்லை.

இலங்கையில் இதைச் செய்ய முடியாதென்றும் இல்லை. 2016 இல் குளிர்பானங்களில் சீனியின் அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டங்களால் காட்டவேண்டுமென்று விதி வந்தது. பிறகு மற்ற உணவுகளுக்கும் சீனி, உப்பு, கொழுப்பு என்று அது விரிந்தது. எழுத வாசிக்கத் தெரியாதவருக்கும் அந்த வட்டம் விளங்கும். நார்ச்சத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை. நாங்கள் கேட்பது புது வட்டம்கூட இல்லை. "முழுத்தானியம்" என்ற சொல்லை முன்பக்கத்தில் பாவிக்கிற எவரும், எத்தனை வீதம் என்ற இலக்கத்தை அதே முன்பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடவேண்டும். கதிர் படம் போடுகிறவர் நார்ச்சத்து வரியைக் கட்டாயம் அட்டவணையில் சேர்க்கவேண்டும். "முழுத்தானிய நன்மையுடன், 8 வீதம்" என்று எழுதியிருந்தால் அம்மா அந்தப் பைக்கற்றை எடுத்திருக்க மாட்டார். கம்பனிக்கும் அது தெரியும், அதனால்தான் எழுதவில்லை.

அம்மா பிஸ்கற்றை விட்டுவிட்டார் என்று இங்கே எழுதினால் அது பொய். பின்னேரத் தேத்தண்ணிக்கு இன்றைக்கும் இரண்டு வேண்டும். ஆனால் இப்போது வாங்குவது பழைய சாதாரண மாரி பிஸ்கற், பாதி விலை. மிச்சக் காசுக்குக் கொண்டைக்கடலை வாங்கி, ஊறப்போட்டு அவித்து, தேங்காய்ச் சொட்டும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளித்து ஒரு சின்னக் கோப்பையில் வைத்துக்கொள்ளுகிறார். அந்தக் கோப்பையில் 50 கிராம் அவித்த கடலை, ஏறக்குறைய 4 கிராம் நார்ச்சத்து. கடலை வந்த பையில் கதிர் படமும் இல்லை, இலையும் இல்லை. கடைக்காரர் நிறுத்துக் கட்டித் தந்த வெறும் பை.